பொங்கல் முடிஞ்சு போச்சு... இப்போ வாழ்த்து அனுப்பலாமா? 'தாமதமான பொங்கல்' ஆகாமல் எழுதுவது எப்படி?

தை முதல் நாள் காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து படங்கள் வரிசையாக நிற்கும். அன்று அனுப்பியவர்களுக்குப் பிரச்னை இல்லை. இரண்டு நாள் கழித்து, "அய்யய்யோ, பெரியப்பாவுக்குச் சொல்லவே இல்லையே" என்று நினைவுக்கு வருகிறவர்களுக்குத்தான் சிக்கல். அனுப்பினால் அசட்டுத்தனமாக இருக்குமோ என்று ஒரு தயக்கம். அனுப்பாவிட்டால் அடுத்த முறை நேரில் பார்க்கும்போது, "பொங்கலுக்கு ஒரு போன்கூட இல்லையேப்பா" என்ற கேள்வி நிச்சயம்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் ஒன்று, அப்படியே விட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால், 'தாமதமான இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்' என்று ஒரு வரியைத் தட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. பிந்தி வரும் வாழ்த்தைத் தமிழில் இயல்பாகச் சொல்ல வழி இருக்கிறது. அது நாம் வீட்டில் தினமும் பேசுகிற பேச்சிலேயே இருக்கிறது. பொங்கலை வைத்தே அதைப் பார்க்கலாம்.

முதலில், உண்மையிலேயே லேட்டா?

பொங்கல் ஒரு நாள் பண்டிகை இல்லை. போகி, தைப்பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று நான்கு நாள். தைப்பொங்கல் பெரும்பாலும் ஜனவரி 14 அல்லது 15-ல் வரும். 2026-ல் அது ஜனவரி 15, வியாழக்கிழமை. மறுநாள் மாட்டுப் பொங்கல். அரசு விடுமுறைப் பட்டியலில் அதுதான் திருவள்ளுவர் தினம். அதற்கடுத்த நாள் காணும் பொங்கல். பட்டியலில் உழவர் திருநாள்.

ஆகவே மாட்டுப் பொங்கலன்று ஒருவருக்கு வாழ்த்துச் சொன்னால் அது தாமதமே இல்லை. "மாட்டுப் பொங்கல் வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். மன்னிப்பு என்ற பேச்சே அங்கே வர வேண்டியதில்லை. காணும் பொங்கல் இன்னும் வசதி. உறவினர்களைப் போய்ப் பார்ப்பதும், பெரியவர்களிடம் ஆசி வாங்குவதும்தான் அந்த நாளின் வழக்கம். நேரில் போக முடியாதவர் அன்று போன் செய்து, "காணும் பொங்கலுக்கு நேர்ல வந்து பார்க்க முடியல, அதான் போன்லயாவது பார்த்துட்டுப் போலாம்னு" என்றால், அது பிந்திய வாழ்த்து அல்ல. அந்த நாளுக்கே உரிய வாழ்த்து.

இந்த மூன்று நாளைத் தாண்டிய பிறகுதான் 'லேட்டு' ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகும் ஓர் எல்லை இருக்கிறது. தை மாதம் பிப்ரவரி நடுவாக்கில்தான் முடிகிறது. முதல் ஒரு வாரம், பத்து நாள் வரை பொங்கலைக் குறிப்பிட்டே வாழ்த்தலாம். அதற்கு மேல் போனால் பொங்கலை விட்டுவிட்டுத் தையைப் பிடித்துக்கொள்வது நல்லது. 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்ற பழமொழி இருக்கிறதே, அது மாதம் முழுவதற்கும் செல்லும். மாசி பிறந்த பிறகு பொங்கல் வாழ்த்து அனுப்புவதில் அர்த்தமில்லை. அப்போது சும்மா நலம் விசாரித்தாலே போதும்.

தீபாவளிக்கு இந்த வசதி கிடையாது. அது ஒரு நாள் பண்டிகை, மறுநாளே லேட்டுதான். ஆனால், கீழே சொல்லும் மொழிச் சங்கதிகள் அதற்கும் பொருந்தும்.

'தாமதமான பொங்கல்' என்றால் என்ன ஆகிறது?

'பிலேட்டட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்போதுதான் முதல் இடறல் வருகிறது. 'தாமதமான பொங்கல் வாழ்த்துகள்' என்று எழுதியதும், 'தாமதமான' என்ற சொல் பக்கத்தில் நிற்கிற பொங்கலோடு போய் ஒட்டிக்கொள்கிறது. பொங்கலே லேட்டாக வந்த மாதிரி ஆகிவிடுகிறது. பொங்கல் சரியான நேரத்துக்குத்தான் வந்தது, நாம்தான் லேட்டு.

இதைச் சரிசெய்ய ஓர் எழுத்தை மாற்றினால் போதும். 'தாமதமான' என்பதை 'தாமதமாக' என்று மாற்றினால், அது சொல்கிற செயலோடு சேர்ந்துவிடும். 'பொங்கல் வாழ்த்தைக் கொஞ்சம் தாமதமாகச் சொல்கிறேன்' என்றால் தாமதம் யாருடையது என்பதில் குழப்பமில்லை. பேச்சில் இன்னும் எளிது: "பொங்கல் வாழ்த்து... கொஞ்சம் லேட்டாத்தான் சொல்றேன்."

இலங்கைத் தமிழில் 'பிந்திய வாழ்த்துகள்' என்ற வழக்கு இருக்கிறது. அங்கே அது காதுக்குப் பழகிய சொல் என்பதால் உறுத்தாது. தமிழ்நாட்டில் அது அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. வீட்டில் பேசாத ஒரு சொல்லை வாழ்த்துக்காக மட்டும் கடன் வாங்கினால், அது வாழ்த்து அட்டையில் அச்சடித்த வரி மாதிரியே நிற்கும்.

மன்னிப்பு எவ்வளவு கனமாக இருக்கணும்?

தமிழில் மன்னிப்புக்குப் பல எடைக் கற்கள் உண்டு. 'மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்' என்பது பெரிய தவறுக்கு. 'மன்னிக்கவும்' என்பது அறிவிப்புப் பலகையில், அலுவலகக் கடிதத்தில் வருவது. 'மன்னிச்சிடுங்க' என்பது பேச்சுதான்; ஆனாலும் சொல்கிறவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரியும். 'கோவிச்சுக்காதீங்க' என்பதில் வருத்தத்தைவிட உரிமை அதிகம். 'தப்பா எடுத்துக்காதீங்க' என்பதும் அந்தப் பக்கம்தான்.

வாழ்த்துச் சொல்ல விட்டுப்போனது குற்றம் இல்லை. அதற்குப் பெரிய கல்லை எடுத்து வைத்தால் எதிரில் இருப்பவருக்குத்தான் சங்கடம். அவர் இப்போது நம்மைச் சமாதானப்படுத்த வேண்டும். "அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தால், வாழ்த்து வாங்க வேண்டியவர் ஆறுதல் சொல்கிறவராக மாறிவிட்டார் என்று அர்த்தம். உறவில் மூத்தவர்களுக்குக் 'கோவிச்சுக்காதீங்க' போதும். 'உங்களுக்கு என்மேல் கோபப்படுகிற உரிமை இருக்கிறது' என்று அது சொல்லாமல் சொல்கிறது. பெரும்பாலான அத்தைகளுக்கும் சித்தப்பாக்களுக்கும் வேண்டியது அந்த அங்கீகாரம்தான்.

வினைச்சொல்லிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'மறந்தேன்' என்று யாரும் பேசுவதில்லை, 'மறந்துட்டேன்' என்கிறோம். அந்த 'ட்டேன்', 'வேணும்னு செய்யலை, நடந்துபோச்சு' என்ற சாயலைச் சேர்த்துவிடுகிறது. ஆனால், 'உங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன்' என்றால், மறந்தது நாளையா, ஆளையா என்ற கேள்வி எழும். நண்பர் சிரித்துவிட்டுப் போவார். பெரியவருக்கு அது உள்ளே தைக்கும்.

அதைவிட மென்மையானது 'விட்டுப்போச்சு'. "பொங்கலன்னிக்குச் சொல்ல விட்டுப்போச்சு" என்னும்போது, விட்டது யார் என்று வாக்கியம் சுட்டிக்காட்டுவதில்லை. "கூப்பிட முடியாமப் போச்சு" என்பதும் அதே வகை. இது தப்பித்துக்கொள்வது இல்லை. சின்ன விஷயத்தைச் சின்னதாகவே சொல்வதற்குத் தமிழ் வைத்திருக்கிற வழி.

காரணம் சொல்லலாமா?

சொல்லலாம், ஒன்று மட்டும். அதுவும் உண்மையாக இருந்தால் மட்டும். 'ரொம்ப பிஸி' என்பது காரணமே இல்லை. அது 'உங்களைவிட முக்கியமான வேலை இருந்தது' என்றுதான் காதில் விழும். 'நைட் ஷிப்ட் முடி�்சு படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன்' என்பது காரணம். அதில் ஓர் ஆளும் அவருடைய நாளும் தெரிகிறது.

பொய்க் காரணம் இப்போது நிற்காது. 'நெட்வொர்க்கே இல்லை' என்று அத்தைக்கு எழுதுகிறவர், பொங்கலன்று மதியம் வேட்டி சட்டையில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தால் அத்தை அதைப் பார்த்திருப்பார். குடும்பக் குழுவில் யாருக்கோ போட்ட ஹார்ட்டும் அங்கேயே இருக்கும். நல்ல காரணம் இல்லை என்றால் காரணமே சொல்லாமல் விடுவது மேல். 'விட்டுப்போச்சு, கோவிச்சுக்காதீங்க' என்பதே முழுமையான வாக்கியம்தான்.

போன நாளுக்கு எப்படி வாழ்த்துவது?

வாழ்த்து என்பது இனி நடக்கப்போவதைப் பற்றியது. 'மகிழ்ச்சி பொங்கட்டும்' என்று சொல்லும்போது பொங்கல் இன்னும் பொங்கவில்லை. மூன்று நாள் கழித்து அதே வரியை அனுப்பினால் காலம் இடிக்கிறது. இணையத்தில் எடுத்து ஒட்டும் வாழ்த்துகளில் இது அடிக்கடி நடக்கும். 'இந்தப் பொன்னாளில்', 'இன்று முதல்', 'இந்த இனிய நாளில்' என்ற சொற்கள் அதில் ஒளிந்திருக்கும். அனுப்புவதற்கு முன் அவற்றைத் தேடி எடுத்துவிட வேண்டும்.

அவற்றின் இடத்தில் எதை வைப்பது? கேள்வியை வைக்கலாம். பொங்கலுக்கென்றே நம்மிடம் ஒரு கேள்வி இருக்கிறது: "பால் பொங்குச்சா?" பண்டிகை அன்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்வது அது. கேள்வியே நடந்து முடிந்ததைப் பற்றியது என்பதால், மூன்று நாள் கழித்துக் கேட்டாலும் பொருந்தும். "பால் நல்லா பொங்குச்சா?" என்று கேட்கிறவர் லேட்டாக வந்தவர் மாதிரித் தெரிவதில்லை, கதை கேட்க வந்தவர் மாதிரித் தெரிகிறார்.

கேள்விக்குப் பிறகு வாழ்த்தை முன்னால் இருக்கிற நாட்களுக்குத் திருப்பிவிடலாம். தை பிறந்தாயிற்று, அறுவடை, கல்யாணம், பரீட்சை என்று அந்த வீட்டில் அடுத்து ஏதோ ஒன்று இருக்கும். அதைப் பெயர் சொல்லி வாழ்த்தினால் போதும்.

ஒரு மெசேஜை எழுதிப் பார்ப்போம்

தஞ்சாவூர் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் புனேயில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 26. அவருடைய அலுவலகத்தில் பொங்கலுக்கு விடுமுறை இல்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஊரில் இருக்கும் அத்தைக்குப் பேசவில்லை என்பது உறைக்கிறது. காணும் பொங்கலும் முடிந்துவிட்டது. அவர் முதலில் தட்டுவது இப்படி இருக்கும்:

"அன்புள்ள அத்தைக்கு, தாமதமான இனிய பொங்கல் நல்வாழ்த்துகள். வேலைப்பளு காரணமாக உரிய நேரத்தில் தங்களைத் தொடர்புகொள்ள இயலவில்லை. தாமதத்திற்கு மனமார்ந்த மன்னிப்பைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பொன்னாளில் தங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்கட்டும்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால், இதைப் படிக்கிற அத்தைக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்த மாதிரி இருக்கும். அவரை 'தங்களை' என்று இவர் ஒருநாளும் அழைத்ததில்லை. லேட்டு என்ற சங்கதி மூன்று முறை வருகிறது; அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'பொன்னாள்' முடிந்து மூன்று நாள் ஆகிறது. இதே மெசேஜை ஊரில் யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும் என்பதுதான் இதில் இருக்கிற பெரிய குறை.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றலாம். 'அன்புள்ள' போய் வெறும் 'அத்தை' வரட்டும். மூன்று மன்னிப்பும் ஒரே மூச்சில் முடியட்டும். வாழ்த்தின் இடத்தில் கேள்வி. அந்த வீட்டில் ஐப்பசியில் பசு கன்று போட்டிருக்கிறது, மாட்டுப் பொங்கலுக்கு அங்கே மாடுகளுக்கு நெட்டிமாலை கட்டுவார்கள், மாமாவுக்குக் கால்வலி. இது மூன்றும் இவருக்குத் தெரியும்:

"அத்தை, பொங்கலன்னிக்கு ஷிப்ட், கூப்பிட முடியாமப் போச்சு, கோவிச்சுக்காதீங்க. பால் நல்லா பொங்குச்சா? கன்னுக்குட்டிக்கு இதுதானே முதல் மாட்டுப் பொங்கல், நெட்டிமாலை போட விட்டுச்சா, இல்ல அதையும் தின்னுடுச்சா? தை பொறந்தாச்சு, மாமாவுக்குக் கால்வலி கொறஞ்சு நல்லா நடக்கணும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுறேன்."

'வாழ்த்து' என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால், வாழ்த்து இருக்கிறது. மன்னிப்பு முதல் வரியிலேயே முடிந்துவிட்டது, திரும்ப வரவில்லை. கன்றுக்குட்டியைப் பற்றிய கேள்விக்கு அத்தை கண்டிப்பாகப் பதில் சொல்வார். ஆறு மணி என்று சொன்னதால் ஆறு மணிக்குக் கூப்பிட வேண்டும். அதை விட்டால் இத்தனையும் வீண். அத்தைக்கு எழுத்தைப் படிப்பது சிரமம் என்றால், இதையே அப்படியே பேசி வாய்ஸ் மெசேஜாக அனுப்பலாம். பேச்சாகவே எழுதியிருப்பதால் மாற்ற ஒன்றும் இருக்காது.

அதே இளைஞர் சென்னையில் இருக்கும் மேலதிகாரிக்கு எழுதும்போது கன்றுக்குட்டி வேண்டாம், உரிமையும் வேண்டாம். "சார், பொங்கல் வாழ்த்தைக் கொஞ்சம் தாமதமாகச் சொல்கிறேன். ஊரில் பண்டிகை நல்லபடியாகப் போனதா?" இரண்டு வாக்கியம் போதும். அலுவலகத்தில் 'கோவிச்சுக்காதீங்க' என்பது கொஞ்சம் கூடுதல் நெருக்கம். கல்லூரி நண்பனுக்கோ மன்னிப்பே வேண்டாம். "டேய், வாழ்த்து மூணு நாள் லேட்டு. கரும்பு மிச்சம் இருக்கா?" என்றால் முடிந்தது.

எங்கே இந்த லேசான தொனி செல்லாது?

இரண்டு இடங்களில் யோசிக்க வேண்டும். ஒன்று, துக்கம் நடந்த வீடு. குடும்பத்தில் ஒருவர் இறந்தால் ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது பல வீடுகளில் வழக்கம். அங்கே 'பால் பொங்குச்சா' என்று கேட்பது பெரிய தவறு. பிந்தி அனுப்புகிறவருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே மெசேஜைத் தள்ளாமல், கடந்த ஓராண்டில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு வாழ்த்தும் வேண்டாம், தாமதத்துக்கு மன்னிப்பும் வேண்டாம். "பண்டிகை நாள்ல உங்க நினைப்பாவே இருந்துச்சு, எப்படி இருக்கீங்க?" என்பது போதும்.

இன்னொன்று, தலைப்பொங்கல். கல்யாணமான பிறகு வரும் முதல் பொங்கல். பெண் வீட்டிலிருந்து சீர் போகும், இரண்டு குடும்பமும் யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று கணக்கு வைத்திருக்கும். தங்கையின் தலைப்பொங்கலுக்கு அண்ணன் பேசாமல் விட்டுவிட்டு, மூன்று நாள் கழித்து, "விட்டுப்போச்சு, கோவிச்சுக்காத" என்று மெசேஜ் போட்டால் அது எடுபடாது. அங்கே தங்கையைவிட அவள் புகுந்த வீட்டில் அவளுக்கு என்ன ஆனது என்பதுதான் விஷயம். அதற்கு போன்தான் சரி. முடிந்தால் தை முடிவதற்குள் ஒரு நடை நேரில் போய் வருவது இன்னும் சரி. இங்கே 'மன்னிச்சிடும்மா' என்று முழுசாகவே சொல்லலாம். அந்தக் கல்லுக்கு ஏற்ற எடை இங்கே இருக்கிறது.

பதில் வந்த பிறகு

"பரவாயில்லப்பா, இப்பவாவது கேட்டியே" என்று பதில் வரும். அதில் ஒரு சின்னக் குத்தல் இருக்கலாம். அதைப் பார்த்துப் பதறி மறுபடியும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால், முடிந்துபோன விஷயம் திரும்பவும் தலைதூக்கும். 'இப்பவாவது' என்பதில் இருக்கிற கோபம் உரிமையான கோபம். அதை வாங்கிக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம். கன்றுக்குட்டி மாலையைத் தின்றதா இல்லையா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லையே, அதைக் கேட்கலாம்.